கோவிவன் எங்கே நிற்கிறது?

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. கையில் ஆயுதத்தோடு ஒரு வீரன், அவன் காலுக்குப் பின்னால் ஒரு நாய். கல்லில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இரண்டு செய்திகள். ஒன்று வீரனைப் பற்றியது. மற்றது நாய்க்கென்றே தனியாக எழுதப்பட்டது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், ஒரு நாயின் பெயரையும் அது செய்த காரியத்தையும் கல்லில் வெட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நடுகல்லைப் பற்றி ஒரு குழந்தையிடம் பேச இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஆனால் நம் அருங்காட்சியகங்களில் நடுகற்களுக்கு எழுதப்படும் விளக்க அட்டைகளின் வழக்கமான நடையில் எழுதினால், இந்த நாய் கடைசி வரியில் 'வீரனின் பின்புறம் நாயின் உருவம் புடைப்புச் சிற்பமாக அமைக்கப்பட்டுள்ளது' என்று பெயரில்லாமல் வந்து நிற்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கல்லில் இருக்கும் பெயர் அட்டையில் ஏன் காணாமல் போகிறது?

கல் ஊரிலேயே நிற்கிறது, அங்கேயே நிற்பதுதான் சரி. அதன் படியையோ பெரிய புகைப்படத்தையோ ஒரு கூடத்தில் வைத்தால் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான நடையில் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'நடுகல். கி.பி. 7ஆம் நூற்றாண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இவ்வட்டெழுத்துக் கல்வெட்டு, வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி எருமைத் தொறு காத்தலின்கண் உயிர்நீத்தமையைக் குறிப்பிடுகின்றது. புறப்பொருள் வெண்பாமாலை கூறும் கரந்தைத் திணை மரபைச் சார்ந்தது. வீரனின் பின்புறம் நாயின் உருவம் புடைப்புச் சிற்பமாக அமைக்கப்பட்டுள்ளது.'

இதில் தவறு என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு காப்பாட்சியர் இன்னொரு காப்பாட்சியருக்கு எழுதிய குறிப்பாகப் பார்த்தால் கச்சிதமானது. சிக்கல், இது யாருக்காக எழுதப்பட்டது என்பதில்தான். எட்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு அம்மா இதைப் படிக்க ஆரம்பித்தால், இரண்டாவது வரியில் வாணகோ அரைசரில் இடறுவார், 'மருமக்கள்' என்ற இடத்தில் மாப்பிள்ளையா மருமகளா என்று குழம்புவார், 'உயிர்நீத்தமையை' வரும்போது பிள்ளை அடுத்த கூடத்துக்குப் போயிருக்கும். ஒரு பொருளின் முன்னால் ஒரு குடும்பம் நிற்பது பெரும்பாலும் அரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் கல்லையும் பார்க்க வேண்டும், அட்டையையும் படிக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் நிற்க வேண்டிய இடம்

அட்டையைத் திருத்தி எழுத உட்காருகிறவர்கள் முதலில் செய்வது பழைய அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு கடினச் சொற்களுக்கு எளிய சொற்கள் தேடுவது. 'உயிர்நீத்தமை' இறந்தது ஆகும், 'புடைப்புச் சிற்பம்' மேடாகச் செதுக்கிய உருவம் ஆகும். வரிசை மட்டும் அப்படியே இருக்கும். ராஜா முதலில், ராஜாவுக்குக் கீழே சிற்றரசர், அவருக்குக் கீழே தலைவர், அப்புறம் வீரன், கடைசியில் நாய். சொற்கள் எளிமையாகியும் யாரும் படிக்காத அட்டைகள் இப்படித்தான் உருவாகின்றன. கடினமாக இருந்தது சொல் மட்டும் இல்லை. பார்க்கிறவர் கண் எங்கே போகிறதோ அங்கே அட்டை தொடங்கவில்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

ஆகவே வேலை கல்லுக்கு முன்னால் தொடங்க வேண்டும். விடுமுறை நாளில் ஒரு நடுகல்லுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மணி நேரம் நின்று, வருகிறவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்விகளை அப்படியே குறித்துக்கொண்டால் போதும். நடுகல்லுக்கு முன் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 'இது சாமியா?' 'இவர் யார்?' 'கீழே இருக்கிறது நாயா, குதிரையா?' 'என்ன எழுதியிருக்கு?' எந்த ஆட்சியாண்டு, எந்தத் திணை என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் நல்ல கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் எத்தனையோ நடுகற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அதனால் 'சாமியா?' என்று கேட்கிற பிள்ளை சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

'நாயா, குதிரையா?' என்ற கேள்வி இன்னொன்றையும் சொல்கிறது. உருவம் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுகல் சிற்பங்கள் ஆழமில்லாதவை, நூற்றாண்டுக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் தேய்ந்தவை. கூரையிலிருந்து நேராக விழும் குழல் விளக்கில் கல் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்ந்த கோணத்தில் வைத்தால் மேடுகளுக்கு நிழல் விழும். நாயின் வாலும் காதும் அப்போதுதான் எழுந்து வரும், எழுத்தும் படிக்கும்படி ஆகும். கல்வெட்டு படிக்கிறவர்கள் காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ வேலை செய்வதும் இதனால்தான். விளக்கைச் சரிசெய்யாமல் 'நாயைப் பாருங்கள்' என்று அட்டையில் எழுதினால், பார்க்கிறவர் தன் கண்ணையே சந்தேகப்படுவார். அட்டை சுட்டிக்காட்டும் எதுவும் அட்டை இருக்கும் இடத்திலிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விளக்கை மாற்று, முடியாவிட்டால் அந்த வரியை எடு.

எதை விடுவது

அடுத்த சண்டை இதுதான். வாணகோ அரைசரை எடுத்துவிட்டால் கல்வெட்டறிஞருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தில் பல்லவ அரசன், அவனுக்குக் கீழ் வாணர் குலத் தலைவன், அவனைச் சார்ந்த பொற்றொக்கையார், அவரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்று ஒரு காலத்து அதிகார ஏணியே இருக்கிறது. வரலாறு எழுதுகிறவருக்கு அது பொன். ஆனால் 'மருமக்கள்', 'இளமகன்' என்ற இரண்டு சொற்களும் இன்றைய பொருளில் வருவன அல்ல. இளமகன் என்றால் இளைய மகன் என்று அட்டை படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். இல்லை, இது ஒருவரைச் சார்ந்து நின்ற சேவகனையும் குறிக்கும் என்று விளக்கப் போனால் அதற்கே 30 சொற்கள் ஆகிவிடும். குடும்பங்களுக்கான அட்டையில் அந்த ஏணிக்கு இடமில்லை. பக்கத்தில் சுவரில் ஒரு படமாக, நாலு படிகளாக, தனியாக வரையலாம். பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். வாக்கியமாக எழுதினால் பார்க்க மாட்டார்கள்.

கரந்தைத் திணையும் அப்படியே. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள் தொடங்கி வாழ்த்து வரை ஆறு நிலைகள் என்று தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. நடுகல் என்றாலே அட்டையில் இந்தப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும் என்ற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒரு கூடத்தில் பத்து நடுகற்கள் இருந்தால் பத்து அட்டையிலும் அதே பாடம். கூடத்தின் வாசலில் ஒரு பெரிய பலகையில் ஒரு தடவை சொன்னால் தீர்ந்தது. கல்லுக்குப் பக்கத்து அட்டை அந்தக் கல்லில் மட்டும் இருப்பதைச் சொல்லட்டும். இந்தக் கல்லில் மட்டும் இருப்பது கோவிவன்.

அரசனின் பெயரை என்ன செய்வது? ஆட்சியாண்டு என்பது காலத்தைச் சொல்லும் முறை என்று தெரியாதவர், 'மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு' என்று படித்ததும் இந்தக் கல்லை மகேந்திரவர்மன்தான் எடுத்தான் என்று நினைத்துக்கொள்வார். அட்டையில் முதலில் நிற்கும் பெயர்தான் மனதில் கதாநாயகன் ஆகும். வழிகாட்டிகள் வாயிலிருந்தே 'மகேந்திரவர்மன் நாய்க்கு வைத்த கல்' என்று வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. உண்மையில் தலைவர் பதவிக்கு வந்து இத்தனையாவது வருஷம் என்று ஊரில் நாள் சொல்கிற மாதிரிதான் அது. ஆகவே அரசனைக் கீழே, சிறிய எழுத்தில் இருக்கும் பதிவு வரிக்கு அனுப்பலாம். அங்கே ஊர், எழுத்து வகை, ஆட்சியாண்டு, பதிவெண் எல்லாம் முறையான சொற்களிலேயே இருக்கட்டும். தேடி வருகிறவர் தேடிப் படிப்பார், அவருக்கு எதையும் எளிமைப்படுத்தித் தர வேண்டியதில்லை.

காத்திருந்தவாறு

இந்த வேலையில் என்னை நிறுத்திப் போட்ட சொல் ஒன்று உண்டு. கல்லில் நாயைப் பற்றிய செய்தி, கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று முடிகிறது. எளிய தமிழாகத்தானே இருக்கிறது, அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் என்ன ஆகும்? இன்றைக்குக் காத்திருப்பது என்றால் பஸ்ஸுக்காகக் காத்திருப்பது. நாய் கள்ளனைக் கடித்துவிட்டு யாரோ வருவதற்காக உட்கார்ந்திருந்தது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கல்வெட்டில் அது காத்து இருந்தது, அதாவது காவல் நின்றது. ஒரே சொல், ஒரே எழுத்து, பொருள் மட்டும் நகர்ந்துவிட்டது. அட்டை எழுதுகிறவர் பயப்பட வேண்டியது 'ஆகோள்', 'தொறு' போன்ற தெரியாத சொற்களைப் பார்த்து அல்ல. தெரியாத சொல் என்றால் படிக்கிறவர் நின்று கேட்பார். தெரிந்த சொல் மாதிரி வேடம் போட்டு நிற்பவைதான் ஏமாற்றும். வீரனைப் பற்றிய வரியில் வரும் 'பட்டான்' அப்படி ஒன்று. நடுகல்லில் பட்டான் என்றால் இறந்தான், 'பட்டான் கல்' என்றால் இறந்தவனுடைய கல். 'கள்ளன்' இன்னொன்று. கல்வெட்டில் அது மாடு கவர வந்தவனைக் குறிக்கிறது. இன்று அது ஒரு சமூகத்தின் பெயராகவும் காதில் விழும். குடும்பங்கள் படிக்கிற அட்டையில் 'திருட வந்தவன்' என்று எழுதுவது பொருளுக்கும் சரி, மரியாதைக்கும் சரி.

'ஆறு' என்ற அந்தக் கடைசித் துண்டையும் பாருங்கள். இருந்தவாறு என்றால் இருந்த விதம். கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காவல் இருந்த விதம் இது. 'இது' என்று காட்டுவதற்குப் பக்கத்தில் உருவம் இருக்கிறது. முழு வாக்கியமாக முடியாமல், படத்துக்குக் கீழே எழுதுகிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கல்தச்சரோ எழுதிக்கொடுத்தவரோ அன்றே ஒரு விளக்க அட்டை எழுதியிருக்கிறார். யார், என்ன செய்தது, பார். நாம் அதைப் பிற்காலத்தில் 'நாயின் உருவம் அமைக்கப்பட்டுள்ளது' என்று மாற்றினோம்.

இந்த வரியைக் கூர்ந்து படித்தால் இன்னொரு தவறிலிருந்தும் தப்பலாம். இந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறவர்கள் பலர், நாய் எசமானுக்காக உயிரை விட்டது என்று சேர்த்துவிடுவார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். கல்லில் அப்படி இல்லை. வீரன் பட்டான் என்று இருக்கிறது. நாய் பட்டது என்று இல்லை. கடித்தது, காவல் நின்றது, அவ்வளவுதான். எதைக் காத்தது, விழுந்த வீரனையா, எருமைகளையா என்பதைக் கூடக் கல் சொல்லவில்லை. எளிமையாக எழுதுகிறோம் என்ற பெயரில் கதையை நிறைவு செய்யும் ஆசை வரும். அங்கேதான் கை கட்டுப்பட வேண்டும். பழைய நடையில் 'உயிர்நீத்தமையைக் குறிப்பிடுகின்றது' என்று எழுதும்போது அந்த மூடுபனிக்குள் எந்தப் பிழையும் ஒளிந்துகொள்ளும். 'நாய் இறந்தது' என்று இரண்டே சொல்லில் எழுதினால் பொய் பளிச்சென்று தெரியும். எளிய அட்டைக்கு மூலத்தைப் பண்டித அட்டையைவிட நெருக்கமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு தோல்வி வரைவுகள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: 'வணக்கம் குட்டீஸ்! நான்தான் கோவிவன்! லொள் லொள்! என் எசமானோடு சேர்ந்து நான் செய்த சாகசத்தைக் கேளுங்கள்!' பிள்ளைகளுக்கு எழுதுவது என்றால் குரலை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் விளைவது இது. பத்து வயதுக்கு மேலான பிள்ளை முதல் வரியிலேயே இது எனக்கில்லை என்று நகர்ந்துவிடும். பெரியவருக்கு வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், இது இறந்த ஒருவரின் நினைவாக எடுத்த கல். ஊரில் இதற்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். அந்த இடத்தில் லொள் லொள் வேண்டாம்.

இரண்டாவது வரைவு நன்றாக இருப்பது போலத் தோன்றும், அதனால் கூடுதல் ஆபத்து: 'ஒரு இரவு, ஊரே தூங்கிக்கொண்டிருந்தபோது எருமைகளைத் திருடக் கொள்ளையர்கள் வந்தார்கள். கருந்தேவக்கத்தி வாளோடு பாய்ந்து போனார். கடைசி மூச்சுவரை போராடினார். அவரையும் கோவிவனையும் மறக்க முடியாத ஊர் மக்கள் இந்தக் கல்லை நட்டார்கள்.' ஒவ்வொரு வாக்கியத்தையும் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இரவு என்று கல்லில் இல்லை. ஊர் தூங்கியது இல்லை. பாய்ந்து போனது இல்லை. கடைசி மூச்சு இல்லை. கல்லை நட்டது ஊர் மக்கள் என்றும் இல்லை, யார் நட்டார்கள் என்றே அந்த வரிகளில் இல்லை. மிஞ்சுவது பெயர்கள், எருமை, இறப்பு, நாய், கடி, காவல். அந்த ஆறை வைத்துக்கொண்டே எழுத முடியும் என்பதுதான் நல்ல செய்தி.

இந்த ஒப்பீட்டை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அட்டையின் ஒவ்வொரு வாக்கியம், வலப்பக்கம் அதற்குக் கல்லில் உள்ள சொல். வலப்பக்கம் காலியாக இருக்கும் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். இந்தத் தாளோடு கல்வெட்டறிஞரிடம் போனால் பேச்சும் சுமுகமாக நடக்கும். 'இது போதுமா?' என்று கேட்டால் யாரும் போதாது என்றுதான் சொல்வார்கள், வாணகோ அரைசர் திரும்பி வந்துவிடுவார். 'இதில் தப்பு எது?' என்று கேட்க வேண்டும். அதற்கு அவர்களைவிடக் கூர்மையாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

வாய்க்கு வருகிற தமிழ்

குடும்பத்துக்கான அட்டையைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பது என் கருத்து. 'செத்துப் போயிட்டாரு' என்று எழுதினால் யார் ஊர்ப் பேச்சு என்ற கேள்வி வரும், எழுத்தில் அதைப் படிப்பது பிள்ளைக்கு இன்னும் கடினம். பள்ளியில் கற்ற எழுத்து வடிவத்தோடு அது ஒத்துப்போகாது. வேண்டியது எழுத்துத் தமிழ்தான், ஆனால் பார்த்துப் படிக்கும்போதே பெற்றோர் வாய் அதைப் பேச்சாக மாற்றிக்கொள்ளக்கூடிய எழுத்துத் தமிழ். 'இறந்தார்' என்பதை அம்மா தானாகவே 'இறந்துட்டாராம்' என்று சொல்லிவிடுவார். 'உயிர்நீத்தமையைக் குறிப்பிடுகின்றது' என்பதை நடந்துகொண்டே யாராலும் மாற்ற முடியாது.

எங்கே இடறுகிறது என்று பார்த்தால் தமிழில் மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வரும். 'மை', 'தல்' என்று முடியும் தொழிற்பெயர்கள் ஒன்று. அவற்றை உடைத்து, யார் என்ன செய்தார் என்று வினைமுற்றாக எழுதினால் பாதிச் சுமை இறங்கும். ஒரு பெயருக்கு முன்னால் அடைமேல் அடையாக எச்சங்களை அடுக்குவது இரண்டாவது. வாக்கியம் முடியும்வரை யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது. பெயரை முதலில் சொல்லி, பிறகு ஒவ்வொரு செய்தியையும் தனி வாக்கியமாகச் சொல்லலாம். மூன்றாவது 'செதுக்கப்பட்டுள்ளது', 'அமைக்கப்பட்டுள்ளது' என்ற செயப்பாட்டு வினைகள். நாய் 'அமைக்கப்பட்டுள்ளது' என்பதற்குப் பதில் நாய் நிற்கிறது என்று எழுதினால் கல் உயிர்பெறும்.

வீரனை அவன் என்பதா, அவர் என்பதா? கல்லில் 'பட்டான்' என்று ஒருமைதான். பொற்றொக்கைக்கு மட்டும் 'ஆர்' விகுதி. பண்டித அட்டைகளும் வீரன், இறந்தான் என்றே போகும். ஆனால் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் தாத்தா 'அவர்' என்றுதான் சொல்வார், கும்பிடுகிற கல்லை அவன் இவன் என்று யாரும் பேசுவதில்லை. நான் 'இறந்தார்' என்றே எழுதுவேன்.

எழுதி முடித்ததும் ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுதியவர் படிக்கக் கூடாது. துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெற்றோர், பக்கத்தில் ஒரு பிள்ளை. அவர் திணறும் இடத்தையும் மூச்சு முட்டும் இடத்தையும் பென்சிலால் கோடிட வேண்டும். பிள்ளை கல்லை நிமிர்ந்து பார்க்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். ஒருமுறை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் அட்டை தோற்றது. படித்து முடிந்ததும் 'வீட்டுக்குப் போய் பாட்டியிடம் என்ன சொல்வாய்?' என்று பிள்ளையிடம் கேட்டால், எது ஒட்டியது, எது தவறாக ஒட்டியது என்று உடனே தெரிந்துவிடும். 'நாய் செத்துப் போச்சு' என்று பதில் வந்தால், நாம் எழுதாவிட்டாலும் வாக்கியங்களின் அடுக்கு அப்படி நினைக்க வைத்திருக்கிறது என்று அர்த்தம். வீரர் இறந்த செய்தியையும் நாயையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் இது நடக்கும். பிரித்து எழுதி, நாய்க்குக் கடைசி வினையாகக் காவல் நிற்பதைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அட்டை

மேற்சொன்னவற்றையெல்லாம் கடந்து வந்தது இது.

கோவிவன் என்ற நாய்

வீரரின் காலுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு நாய் நிற்கிறது.
வீரரின் பெயர் கருந்தேவக்கத்தி. ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன், தன் எருமைகளைக் காக்கும்போது இறந்தார்.
நாயின் பெயர் கோவிவன். திருட வந்தவனைக் கடித்தது, காவல் நின்றது.
இதெல்லாம் எப்படித் தெரியும்? கல்லிலேயே எழுதியிருக்கிறது. கீழே உள்ள எழுத்துகளில் 'நாய்' என்ற சொல்லைக் கண்டுபிடியுங்கள்.

தலைப்பை விட்டுவிட்டால் 38 சொற்கள். 'கி.பி. 7ஆம் நூற்றாண்டு' போய் 1400 ஆண்டுகள் வந்திருப்பது, நூற்றாண்டைக் கழித்துப் பார்த்து எவ்வளவு காலம் என்று கணக்குப் போடுவது பிள்ளைக்குச் சிரமம் என்பதால். 'ஏறக்குறைய' என்ற சொல் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். மகேந்திரவர்மன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்பதில் அறிஞர்களிடையே சில ஆண்டுகள் முன்பின்னாக வேறுபாடு உண்டு, 34ஐக் கூட்டினால் வரும் விடையும் அதோடு சேர்ந்து நகரும்.

நடுவில் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறது. குடும்ப அட்டை என்றால் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?', 'நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேள்விகளைத் தூவும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அப்படிக் கேட்டால் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும், அப்பா கைபேசியைப் பார்ப்பார். பார்த்தே விடை கண்டுபிடிக்கக்கூடிய கேள்வியைக் கேட்டால் கண் கல்லுக்குப் போகும். 'எப்படித் தெரியும்?' என்பது பெரியவர்கள் சங்கடப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்வி, ஆகவே அதை அட்டையே கேட்டுவிடுவது நல்லது.

எழுத்தின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். ண, ணை, றி போன்றவை சிறிய அளவில் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளி ஆகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க 30 பாயின்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். மேலே மெய்ப்புள்ளியும் இகர வளைவும் கீழே உகரச் சுழிகளும் ஒன்றோடொன்று மோதாதபடி வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தில் பாதியளவாவது இடம் விட வேண்டும். ஆங்கில அட்டைக்கு வடிவமைத்த கட்டத்துக்குள் தமிழைத் திணிக்கும்போது முதலில் சுருங்குவது இந்த இடைவெளிதான். ஆங்கிலமும் வேண்டும் என்றால் தனியாக எழுத வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பெயர்க்க வேண்டியதில்லை. 'காத்திருந்தவாறு' பற்றிய கவலையே ஆங்கிலத்தில் கிடையாது, அங்கே கவலை வேறாக இருக்கும். பளபளக்கும் தாள், கண்ணாடிமேல் ஒட்டிய எழுத்து இரண்டும் வேண்டாம். பக்கவாட்டு விளக்கு வைத்த கூடத்தில் குனிகிறவரின் நிழல் அட்டைமேல் விழுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட வேண்டும்.

அட்டையின் கீழே வருவது மைப்படியின் துண்டு. கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் சுற்றியுள்ள கல் கறுப்பாகவும் வரும். கல்லில் தெரியாததும் அதில் தெரியும். நாயைப் பற்றிய வரியை மட்டும் மைப்படியிலிருந்து எடுத்து, உண்மையான அளவிலேயே, மேடு பள்ளத்தோடு ஒரு பிசின் தகட்டில் வார்த்து வைக்கலாம். ஒவ்வொரு வட்டெழுத்துக்கும் நேர் கீழே இன்றைய எழுத்து. தரையிலிருந்து 90 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்தில், சற்றுச் சாய்வாக. அந்த உயரத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் கை எட்டும். கீழே இருக்கும் 'நாய்' என்பதைப் பார்த்து மேலே விரலை வைத்தால், அந்தப் பள்ளத்தில் விரல் நுனி பொருந்தும்.